எது சிக்கனம்? கையா, இயந்திரமா?

சென்னையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு ஒன்பதரை மணி. எல்லோரும் சாப்பிட்டு முடித்தாயிற்று. சமையலறையிலிருந்து பாத்திரங்கள் மோதும் ஓசையும் குழாயில் தண்ணீர் கொட்டும் ஓசையும் வந்துகொண்டிருந்தன. அக்கா பள்ளி ஆசிரியை. நாள் முழுவதும் வகுப்பறையில் நின்றுவிட்டு வந்து, இப்போது தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"பாத்திரம் கழுவும் மிஷின் ஒன்று வாங்கிவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார் அத்தான்.

அவருடைய தாயார் உடனே மறுத்தார். "மிஷினா? நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு எதற்கு? அது குடம் குடமாய்த் தண்ணீரைக் குடிக்குமே! 2019 கோடையில் ஏரியெல்லாம் வறண்டு, லாரிக்காகக் குடத்தை வைத்துக்கொண்டு நின்றது மறந்து போச்சா?"

பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் சும்மா இருப்பாளா? "இல்லை பாட்டி, கையால் கழுவினால்தான் தண்ணீர் அதிகம் செலவாகுமாம். மிஷினுக்குக் கொஞ்சம்தானாம். படித்திருக்கிறேன்" என்றாள்.

"யார் சொல்வது சரி மாமா?" என்று கேள்வி என்னிடம் வந்தது.

"அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்" என்றேன். ஒரு வாளியும் ஒரு கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அளக்கத் தொடங்கினோம். அந்தக் கணக்கைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

குழாயை அளந்தோம்

முதலில் 10 லிட்டர் வாளியைக் குழாயின் கீழ் வைத்து, வழக்கமாகத் திறக்கும் அளவுக்குக் குழாயைத் திறந்தோம். வாளி நிரம்ப 100 விநாடி ஆயிற்று. அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 6 லிட்டர்.

அடுத்து, அந்த வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை பாத்திரங்கள் கழுவப்படுகின்றன என்று எண்ணினோம். நான்கு பேருடைய தட்டுகள், டம்ளர்கள், கிண்ணங்கள், கரண்டிகள், குக்கர், சாம்பார் பாத்திரம், பால் பாத்திரம், வாணலி, தோசைக்கல், மிக்ஸி ஜாடி என்று எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 60 வந்தன.

அக்கா சோப்புப் போட்டுத் தேய்க்கும்போது குழாயை மூடிவிடுவாள். அலசும்போது மட்டும் திறப்பாள். ஒரு பாத்திரத்தை அலச, கரண்டியையும் குக்கரையும் சேர்த்துச் சராசரியாக 15 விநாடி ஆயிற்று. 60 பாத்திரங்களுக்கு 900 விநாடி, அதாவது 15 நிமிடம். நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் 90 லிட்டர்!

"குழாயை மூடி மூடித் திறந்துமா 90 லிட்டர்?" என்று அக்காவுக்கே வியப்பு. ஒன்பது வாளித் தண்ணீர். தேய்க்கும்போதும் குழாயைத் திறந்தே வைத்திருக்கும் வீடுகளில் எவ்வளவு ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் ஒரு சோதனை

இதே கேள்வியை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ரைனர் ஸ்டாமிங்கர் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றைச் சேர்ந்த 113 பேரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து, 12 பேர் சாப்பிட்ட 140 பாத்திரங்களை ஒவ்வொருவரிடமும் கொடுத்து, "உங்கள் வீட்டில் எப்படிக் கழுவுவீர்களோ அப்படியே கழுவுங்கள்" என்றார்கள். செலவான நீரும் நேரமும் அளக்கப்பட்டன.

சராசரியாக ஒருவருக்கு 103 லிட்டர் நீரும் 79 நிமிடங்களும் தேவைப்பட்டன. அந்த நீரைச் சூடாக்க 2.5 யூனிட் ஆற்றல் செலவாயிற்று. அதே 140 பாத்திரங்களையும் அக்காலத்து இயந்திரங்கள் 15 முதல் 22 லிட்டர் நீரில் கழுவிவிட்டன. அக்கா மகள் படித்தது இந்தச் செய்தியைத்தான்.

ஆனால் சராசரியோடு நின்றுவிடக் கூடாது. அந்தச் சோதனையில் ஜெர்மானியர்கள் செலவிட்டது சராசரியாக 46 லிட்டர்தான். ஸ்பெயின், போர்ச்சுகல் நாட்டினரோ 170 லிட்டர் செலவிட்டார்கள். பாத்திரங்கள் ஒன்றே, அழுக்கும் ஒன்றே. பிறகு ஏன் இந்த வேறுபாடு? பழக்கம்தான் காரணம். தொட்டியில் நீரை நிரப்பி அதிலேயே கழுவுகிறவர்களுக்குக் கொஞ்சம் போதும். ஓடும் குழாயில் கழுவுகிறவர்களுக்கு அதிகம் வேண்டும்.

ஆகவே கையா இயந்திரமா என்று கேட்பதற்கு முன்னால், தேங்கிய நீரா ஓடும் நீரா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டு தொட்டிகளின் கணக்கு

பாட்டியின் ஊரில் குழாய் கிடையாது. கிணற்றிலிருந்து இறைத்த நீரை அகலமான பாத்திரங்களில் வைத்துக்கொண்டுதான் கழுவுவார்கள். "நான் கழுவிக் காட்டுகிறேன், அளந்துகொள்" என்றார் பாட்டி.

முதல் தொட்டியில் 4 லிட்டர். எச்சிலையும் பருக்கையையும் வழித்துப் போட்ட பாத்திரங்களை அதில் நனைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். இரண்டாவது தொட்டியில் 6 லிட்டர். அது முதல் அலசலுக்கு. மூன்றாவது தொட்டியிலும் 6 லிட்டர். அது கடைசி அலசலுக்கு. ஆக, ஒரு வேளைக்கு 16 லிட்டர். காலையும் இரவும் சேர்த்து நாளுக்கு 32 லிட்டர். குழாயடியில் ஆன 90 லிட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு!

"ஒரே தொட்டி நீரில் 30 பாத்திரங்களை அலசினால் சோப்பு போகுமா பாட்டி?" என்று பேத்தி சந்தேகப்பட்டாள். நல்ல சந்தேகம். விடையையும் கணக்கே சொல்லும்.

சோப்பு நீரிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பாத்திரத்திலும் சுமார் 5 மில்லி லிட்டர் சோப்பு நீர் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 பாத்திரங்களுக்கு 150 மி.லி. இது 6 லிட்டர் நீரில், அதாவது 6000 மி.லி.யில் கலக்கிறது. சோப்பின் அடர்த்தி 40-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இந்த நீரில் நனைந்த பாத்திரங்கள் அடுத்த தொட்டிக்குப் போகும்போது மறுபடியும் 40-இல் ஒரு பங்கு. நாற்பதை நாற்பதால் பெருக்குங்கள். கடைசியில் பாத்திரத்தில் தங்குவது முதலில் இருந்ததில் 1600-இல் ஒரு பங்குதான்.

இரண்டு தொட்டிக்குப் பதிலாக 12 லிட்டர் பிடிக்கும் ஒரே பெரிய தொட்டியில் அலசினால் என்ன ஆகும்? 12,000 மி.லி.யில் 150 மி.லி. கலந்தால் 80-இல் ஒரு பங்கு மட்டுமே. நீரின் அளவு ஒன்றே. ஆனாலும் இரண்டாகப் பிரித்து அலசினால் 20 மடங்கு அதிகச் சுத்தம் கிடைக்கிறது. துணி துவைக்கும்போது இரண்டு வாளிகளில் மாறி மாறி அலசுவதும் இதற்காகத்தான்.

பாட்டிக்கு இந்தப் பெருக்கல் தெரியாது. ஆனால் அவர் செய்து வந்தது இதைத்தான். இயந்திரம் செய்வதும் இதைத்தான்!

இயந்திரத்தின் வயிற்றுக்குள்

பாத்திரம் கழுவும் இயந்திரம் நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் என்ற பெண்மணி 1886-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பாத்திரங்களைக் கம்பிக் கூண்டுகளில் அடுக்கி, அவற்றின்மேல் சோப்பு நீரைப் பீய்ச்சுவது அவருடைய வழி. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரம் இடம்பெற்றது. ஓட்டல்கள்தாம் முதலில் அதை வாங்கின. இன்றைய இயந்திரத்திலும் அடிப்படை அதுதான்.

அலமாரி போன்ற எவர்சில்வர் பெட்டி. உள்ளே மேலும் கீழுமாக இரண்டு கம்பித் தட்டுகள். அவற்றின் அடியில் துளைகள் உள்ள சுழலும் கைகள். பெட்டியின் அடியில் ஒரு குழி. கதவை மூடிச் சுவிட்சைப் போட்டதும் அந்தக் குழியில் சுமார் மூன்றரை லிட்டர் நீர் வந்து நிற்கிறது. அவ்வளவுதான், வழி அடைந்துவிடும்.

ஒரு பம்பு அந்த நீரை உறிஞ்சிச் சுழலும் கைகளுக்கு அனுப்புகிறது. துளைகள் சாய்வாக இருப்பதால் நீர் ஒரு பக்கம் பீய்ச்சும்போது கை எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டுச் சுழல்கிறது. தீபாவளிக்கு நீங்கள் கொளுத்தும் சங்குசக்கரம் சுழல்வதும் இதனால்தான். நியூட்டனின் மூன்றாம் விதி! சுழற்றுவதற்குத் தனி மோட்டார் தேவையில்லை. பாத்திரங்களில் மோதிய நீர் வழிந்து, சல்லடையில் பருக்கைகளை விட்டுவிட்டு, மீண்டும் குழியில் சேர்கிறது. பம்பு அதையே திரும்பவும் மேலே அனுப்புகிறது. நூற்றுக்கணக்கான முறை சுற்றிவருவது அதே மூன்றரை லிட்டர்தான்.

முதலில் குளிர்ந்த நீரில் ஒரு கழுவல். பிறகு அந்நீரை வெளியேற்றிவிட்டுப் புது நீரில் சவுக்காரத் தூளோடு, சுமார் 65 டிகிரி சூட்டில் முக்கியக் கழுவல். அடுத்து ஓர் அலசல். கடைசியில் சூடான நீரில் இன்னோர் அலசல். நான்கு முறை மூன்றரை லிட்டர் வீதம் மொத்தம் 14 லிட்டர். பாட்டியின் மூன்று தொட்டிகள் இங்கே நான்காகியிருக்கின்றன.

நார் போட்டுத் தேய்க்காமல் அழுக்கு எப்படிப் போகிறது? இதற்கு விடை ஜெர்மன் வேதியியலர் ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் சொன்ன ஒரு கருத்தில் இருக்கிறது. சுத்தம் செய்யத் தேவையானவை நான்கு. ரசாயனம், வெப்பம், தேய்ப்பு, நேரம். ஒன்று குறைந்தால் மற்றவை கூட வேண்டும். நம் கையில் தேய்ப்பு அதிகம். அதனால் குளிர்ந்த நீரிலேயே அரை நிமிடத்தில் தட்டு பளிச்சிடுகிறது. இயந்திரத்தில் தேய்ப்பு மிகக் குறைவு. எனவே அது கை தாங்காத சூட்டையும், கை தாங்காத காரத்தையும், இரண்டு மூன்று மணி நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது.

அந்தத் தூளில் முக்கியமானது சோடியம் கார்பனேட். எண்ணெய்ப் பிசுக்கை அகற்ற அது உதவுகிறது. "நாங்கள் சாம்பல் போட்டுத் தேய்ப்போமே" என்றார் பாட்டி. விறகுச் சாம்பலில் உள்ளது பொட்டாசியம் கார்பனேட். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை! தூளில் இவற்றோடு மாவுப்பொருளையும் புரதத்தையும் சிதைக்கும் நொதிகளும் உண்டு. காய்ந்த சோற்றுப் பருக்கையை இளக்குவது, நம் உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் போன்ற நொதிதான்.

இயந்திரத்துக்குள் போகக் கூடாதவை

இந்தக் காரம்தான் ஒரு சிக்கலும் தருகிறது. அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று காவலாக இருக்கிறது. சூடான காரநீர் அதைக் கரைத்துவிடும். அலுமினியக் குக்கரை ஒரு தடவை உள்ளே வைத்து எடுத்தால் கறுத்துப்போயிருக்கும். இரும்புத் தோசைக்கல்லும் இரும்பு வாணலியும் பழகிய எண்ணெய்ப் பதத்தை இழந்து துருவேறும். மரக்கரண்டி வெடிக்கும். பித்தளை மங்கும். மிக்ஸி ஜாடியின் அடியிலுள்ள ரப்பரும் கெடலாம். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றுக்குப் பயமில்லை.

அக்கா வீட்டின் 60 பாத்திரங்களில் 45 மட்டுமே இயந்திரத்துக்கு ஏற்றவை. மீதி 15-ஐ எப்படியும் கையால்தான் கழுவ வேண்டும். ஐரோப்பியக் கணக்கில் இந்தப் பதினைந்து வருவதில்லை. நம் வீட்டுக் கணக்கில் அதைச் சேர்க்காவிட்டால் விடை தவறிப்போகும்.

நீர்க் கணக்கு

இப்போது எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துப் பார்ப்போம். 15 பாத்திரங்களைக் குழாயடியில் அலச ஏறக்குறைய 22 லிட்டர் ஆகும். நாளொன்றுக்கு ஆகும் நீர் இதோ:

குழாயடியில் கை - 90 லிட்டர்
தொட்டிகளில் கை - 32 லிட்டர்
இரவில் ஒரு முறை இயந்திரம், மீதி குழாயடியில் - 36 லிட்டர்
இரவில் ஒரு முறை இயந்திரம், மீதி தொட்டியில் - சுமார் 22 லிட்டர்
மூன்று வேளையும் இயந்திரம், மீதி குழாயடியில் - 64 லிட்டர்

இன்னொரு தவறும் உண்டு. இயந்திரத்தில் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பாத்திரத்தையும் குழாயில் காட்டி எடுப்பது. ஒன்றுக்கு 5 விநாடி என்றாலும் 45 பாத்திரங்களுக்கு 22 லிட்டர் கூடிவிடும். 36 லிட்டர் 58 ஆகும். எச்சத்தை வழித்துப் போட்டாலே போதும். அலசத் தேவையில்லை.

பேத்தி சொன்னதும் சரி, பாட்டி சொன்னதும் சரி என்று இதிலிருந்து தெரிகிறது. குழாயடியில் கழுவுகிறவரைவிட இயந்திரம் சிக்கனமானது. தொட்டியில் கழுவுகிறவருக்கு அது ஏறக்குறைய சமம். பாதி நிரம்பியிருக்கும்போதே அடிக்கடி ஓட்டினால் அந்தச் சிக்கனம் கரைந்துபோகும். ஏனென்றால் உள்ளே பத்துப் பாத்திரம் இருந்தாலும் நாற்பது இருந்தாலும் சாதாரண ஓட்டத்துக்கு அது எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதே 14 லிட்டர்தான்.

சிறு குடும்பத்துக்கு உள்ள சங்கடமே இதுதான். நாலு பேர் வீட்டில் இரவுக்குள் இயந்திரம் நிரம்பிவிடும். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில் நிரம்ப இரண்டு நாளாகும். அதுவரை உள்ளே வைத்த பாத்திரங்கள் காய்ந்து நாற்றமெடுக்கும். காலையில் சாம்பார் வைத்த பாத்திரம் மாலையில் மறுபடி தேவைப்படும். உள்ளே காத்துக்கிடக்கும் பாத்திரத்துக்கு மாற்றாக இன்னொன்று வைத்திருக்க வேண்டும்.

மின்சாரத்தின் கணக்கு

மூன்றரை லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 37 டிகிரி உயர்வு. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.2 கிலோஜூல். பெருக்கினால் சுமார் 544 கிலோஜூல் வருகிறது. ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல். ஆகவே இது 0.15 யூனிட். நீரோடு சேர்ந்து பாத்திரங்களும் பெட்டியின் சுவரும் சூடாக வேண்டும். இரண்டு கழுவலுக்குச் சூடு வேண்டும். பம்பும் ஓட வேண்டும். எல்லாம் சேர்ந்து ஓர் ஓட்டத்துக்கு 1.2 யூனிட் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பான் சோதனையில் கையால் கழுவியவர்களுக்கு 2.5 யூனிட் ஆயிற்று என்று பார்த்தோம். 103 லிட்டரையும் சுமார் 21 டிகிரி உயர்த்த ஆகும் ஆற்றல் அது. நீங்களே பெருக்கிப் பாருங்கள். குளிர்நாட்டில் கையால் கழுவ வெந்நீர் வேண்டும். அதனால் அங்கே இயந்திரம் மின்சாரத்தையும் மிச்சப்படுத்துகிறது. நம் ஊரில் குழாய்நீரே வெதுவெதுப்பாக வருகிறது. நாம் பாத்திரத்துக்காக வெந்நீர் போடுவதில்லை. எனவே இங்கே இயந்திரம் மின்சாரத்தை மிச்சப்படுத்தாது, புதிதாகச் செலவழிக்கும். வெளிநாட்டு ஆய்வின் முடிவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

வெந்நீர் போடும் நாட்டிலும் கூட நிலைமை ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட முடிவின்படி, ஓடும் குழாயில் கழுவுவதைவிட இயந்திரத்தால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்கள் குறைவு. ஆனால் ஒரு தொட்டியில் வெந்நீரும் மறு தொட்டியில் தண்ணீரும் வைத்துக் கழுவினால் இயந்திரத்தைவிடவும் குறைவு.

நேரமும் பணமும்

60 பாத்திரங்களைக் கழுவ அக்காவுக்கு 40 நிமிடம் ஆயிற்று. துடைத்து அடுக்க 5 நிமிடம். மொத்தம் 45 நிமிடம். இயந்திரம் இருந்தால் உள்ளே அடுக்கவும் வெளியே எடுக்கவும் 10 நிமிடம், மீதியுள்ள 15 பாத்திரங்களுக்கு 12 நிமிடம். ஆக 22 நிமிடம். இயந்திரம் ஓடும் மணிக்கணக்கைச் சேர்க்கத் தேவையில்லை. அப்போது நாம் தூங்கிக்கொண்டிருப்போம். மிச்சமாவது நாளுக்கு 23 நிமிடம். ஆண்டுக்கு 140 மணி நேரம்!

இதற்கு என்ன விலை? இயந்திரத்தின் விலை 36,000 ரூபாய், ஆயுள் 10 ஆண்டு என்று கொண்டால் நாளுக்கு 10 ரூபாய். தூளுக்கு 12 ரூபாய். உப்புக்கும் பளபளப்புத் திரவத்துக்கும் 3 ரூபாய். மின்சாரம் யூனிட்டுக்கு 6 ரூபாய் வீதம் 7 ரூபாய். லாரித் தண்ணீர் லிட்டருக்கு 10 காசு என்று அத்தான் சொன்னார். அந்த வகையிலும் மீதிப் பாத்திரங்களின் சோப்பு வகையிலும் சுமார் 5 ரூபாய். மொத்தம் நாளுக்கு 37 ரூபாய்.

குழாயடியில் கழுவினால் தண்ணீருக்கு 9, சோப்புக்கு 4, ஆக 13 ரூபாய். தொட்டியில் கழுவினால் 7 ரூபாய்.

"பார்த்தாயா! மிஷினால் தினமும் 30 ரூபாய் நஷ்டம்" என்றார் பாட்டி.

அக்கா மகள் நோட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, "பாட்டி, இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. தண்ணீருக்கு விலை போட்டோம். சோப்புக்குப் போட்டோம். அம்மாவுக்கு ஒன்றும் போடவில்லையே" என்றாள்.

யாரும் பேசவில்லை. அவளே மேலும் கணக்கிட்டாள். தொட்டி முறையைவிட இயந்திரத்துக்குக் கூடுதல் செலவு 30 ரூபாய். அதற்குக் கிடைப்பது 23 நிமிடம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 78 ரூபாய். குழாயடி முறையோடு ஒப்பிட்டால் மணிக்கு சுமார் 63 ரூபாய். அம்மாவின் ஒரு மணி நேரம் இந்த விலைக்குக் கிடைக்கிறது என்றால் அது அதிகமா, குறைவா? இதை அறிவியல் முடிவு செய்யாது. வீடுதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த இடத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு, "கையால் கழுவுவதுதான் மலிவு" என்று சொல்வது மட்டும் தவறான கணக்கு.

என்ன முடிவாயிற்று?

முதலில் ஒரு மாதம் பாட்டியின் தொட்டி முறையைக் கையாண்டார்கள். மேடைமேல் மூன்று தொட்டிகள் வந்தன. தண்ணீர்ச் செலவு 90 லிட்டரிலிருந்து 35 லிட்டர் அளவுக்கு இறங்கியது. பாட்டிக்குப் பெருமை. ஆனால் இரவு ஒன்பதரைக்கு அக்கா அங்கேயேதான் நின்றாள். பிறகு அத்தானும் மகளும் ஆளுக்கு இரண்டு நாள் முறை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து இயந்திரம் வாங்கலாம் என்று மிக உறுதியாகச் சொன்னவர் அத்தான்தான்!

"தண்ணீருக்காக வேண்டாம். தண்ணீரை மிச்சம் பிடிக்க மூன்று தொட்டி போதும். நேரத்துக்காக வேண்டும்" என்றாள் அக்கா. பொங்கலுக்கு இயந்திரம் வந்தது.

முதல் மாதத்தில் சில தொல்லைகள். டம்ளர்களில் வெள்ளைப் படலம் படிந்தது. ஆழ்குழாய்க் கிணற்று நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் செய்த வேலை அது. இயந்திரத்தில் உள்ள பிசின் மணிகள் இந்த உலோகங்களைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. சோடியம் தீர்ந்துபோனால் உப்புக் கரைசல் அந்த மணிகளைப் புதுப்பிக்கும். உப்பை நிரப்பி, நீரின் கடினத்தன்மையைக் குறிப்பேட்டில் உள்ளபடி திருத்தி வைத்ததும் படலம் நின்றது. இன்னொரு நாள் ஒரு பக்கத்துத் தட்டுகள் மட்டும் அழுக்காகவே இருந்தன. நீளமான கரண்டி ஒன்று தட்டின் கீழே நீட்டிக்கொண்டு சுழலும் கையைத் தடுத்திருந்தது. வேறொரு முறை எல்லா டம்ளர்களிலும் மணல்போல் நெருநெருவென்று துகள். சல்லடையைக் கழற்றிப் பார்த்தால் கறிவேப்பிலையும் கடுகும் அடைத்துக்கொண்டிருந்தன.

ஊரில் பாட்டியின் தங்கையும் அவர் கணவரும் இரண்டு பேர்தான். அவர்களுக்கும் ஒன்று வாங்கலாமா என்று அத்தான் கேட்டார். அக்கா மகள் நோட்டைத் திறந்தாள். அவர்களுக்குப் பாத்திரம் பாதி, மிச்சமாகும் நேரமும் பாதி. ஆனால் இயந்திரத்தின் நாளொன்றுக்கு 10 ரூபாய் குறையாது. நீரும் தொட்டி முறையைவிட மிச்சமாகாது. "அவர்களுக்கு வேண்டாம் அப்பா" என்றாள்.

நீங்களும் அளந்து பாருங்கள்

உங்கள் வீட்டுக் குழாயின் கீழ் 10 லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 600-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். ஒரு நாள் இரவு, பாத்திரம் கழுவும்போது குழாய் மொத்தம் எத்தனை நிமிடம் திறந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்குங்கள். மறுநாள் மூன்று தொட்டிகளில் அளந்த நீரை வைத்து, நீங்களே கழுவிப் பாருங்கள். கழுவ எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். தினமும் அத்தனை நிமிடத்தைச் செலவழிப்பவர் யார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.